வெறும் வளையம் என்ன சொல்லுது? ஸ்கூல் அசெம்ப்ளிக்கு ஒரு ரெடிமேட் ரோடு சைன் குவிஸ்!

'அடுத்த வாரம் அசெம்ப்ளியில் உங்க கிளாஸ்தான் சாலைப் பாதுகாப்பு ப்ரோக்ராம் பண்ணணும்'னு மிஸ் சொல்லிட்டாங்களா? இல்லைன்னா, தம்பியோ தங்கச்சியோ ஒரு சார்ட்டைத் தூக்கிட்டு வந்து "நீதான் எழுதிக் கொடுக்கணும்"னு உட்கார்ந்திருக்காங்களா? இந்த ஸ்க்ரிப்ட்டை அப்படியே எடுத்துக்கோங்க. ஏழு கேள்வி, ஒரு டை-பிரேக்கர். சுமார் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

வழக்கமான ரோடு சைன் குவிஸில் ஒரு பிரச்னை உண்டு. இருபது படங்களைக் காட்டி இருபது பெயர்களைக் கேட்பார்கள். மனப்பாடம் பண்ணியவர்கள் கை தூக்குவார்கள், மற்றவர்கள் வெயிலில் நெளிவார்கள். உண்மையில், சாலைச் சின்னங்களை மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே இல்லை. அவற்றுக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. வடிவம் ஒரு விஷயம் சொல்லும், நிறம் இன்னொரு விஷயம் சொல்லும், நடுவில் இருக்கும் படம் மீதியைச் சொல்லும். இதைப் பிடித்துக்கொண்டால், இதுவரை பார்க்காத சின்னத்தைக்கூட படித்துவிடலாம். கீழே இருக்கும் கேள்விகள் எல்லாமே அப்படி யோசித்துக் கண்டுபிடிக்கும் மாதிரி அமைத்தவைதான்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம்

முதல் விஷயம், படங்கள். சும்மா 'ரோடு சைன்'னு தேடி, முதலில் வரும் படத்தை டவுன்லோடு பண்ணிடாதீங்க. மஞ்சள் நிறத்தில், டயமண்டு மாதிரி நிற்கும் எச்சரிக்கைப் பலகைகள் நிறைய வரும். அவை அமெரிக்காவில் இருப்பவை. நம் ஊரில் எச்சரிக்கை என்றால் சிவப்பு பார்டர் போட்ட முக்கோணம். சந்தேகம் வந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் முதல் அட்டவணையைப் பாருங்க. இந்தியாவில் செல்லுபடியாகும் சின்னங்கள் அதில் படமாகவே இருக்கின்றன.

இரண்டாவது, சார்ட். செவ்வகப் பேப்பரில் சின்னத்தை வரையாமல், அந்தந்த வடிவத்திலேயே வெட்டி எடுங்க. கடைசி வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றால் குறைந்தது இரண்டு அடி அகலம் வேண்டும். ஸ்கெட்ச் பேனா தூரத்தில் தெரியாது. போஸ்டர் கலர் அல்லது கலர் பேப்பர் ஒட்டினால்தான் சரி. எதற்காக வெட்டச் சொல்கிறேன் என்பது முதல் கேள்வியிலேயே புரிந்துவிடும்.

ஓகே, மைக்கைப் பிடிங்க!

கேள்வி 1: முதுகைக் காட்டும் சின்னம்

(எட்டு மூலை வைத்து வெட்டிய சார்ட்டைத் திருப்பிப் பிடிக்கவும். பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருக்க வேண்டும்.)

தொகுப்பாளர்: "எல்லோருக்கும் வணக்கம்! இது ஒரு ரோடு சைனோட முதுகு. எழுத்து இல்லை, படம் இல்லை, கலரும் இல்லை. ஆனாலும் இது என்ன சைன்னு சொல்ல முடியும். யார் சொல்றீங்க?"

விடை: நில். அதாவது ஸ்டாப் சைன். (சார்ட்டைத் திருப்பவும். சிவப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து.)

தொகுப்பாளர்: "நம்ம ரோட்டுல எட்டு மூலை இருக்கிற சைன் இது ஒண்ணுதான். சைன்மேல புழுதி படிஞ்சிருந்தாலும், யாராவது போஸ்டர் ஒட்டியிருந்தாலும், எதிர்ப்பக்கத்துல இருந்து பார்த்தாலும் அடையாளம் தெரியணும்னுதான் இதுக்கு மட்டும் தனி வடிவம். இதைப் பார்த்தா வண்டி மெதுவா போனா போதாது. வெள்ளைக் கோட்டுக்கு முன்னாடி சக்கரம் முழுசா நிக்கணும். ரோடு காலியா இருந்தாலும் நிக்கணும்."

உங்களுக்கு மட்டும் ஒரு கதை. நேரம் இருந்தால் மைக்கிலும் சொல்லலாம். இந்த எட்டு மூலை 1923-ல் அமெரிக்காவில் முடிவானது. அப்போது சில மாநிலங்களின் நெடுஞ்சாலைத்துறையினர் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஆபத்து கூடக் கூட பலகையின் பக்கங்களும் கூட வேண்டும். ரயில்வே கிராசிங்தான் எல்லாவற்றையும்விட ஆபத்து, அதற்கு வட்டம். வட்டத்துக்கு எண்ணற்ற பக்கங்கள் என்று வைத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த நிலையில் குறுக்குச் சாலைகள், அதற்கு எண்கோணம். ஆனால் அன்றைய ஸ்டாப் சைன் சிவப்பில் இல்லை, மஞ்சளில் இருந்தது. வெயிலில் வெளுக்காத சிவப்பு பெயின்ட் அப்போது கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். அமெரிக்காவில் அது சிவப்புக்கு மாறியது 1954-ல்தான். கலர் மாறியும் வடிவம் மாறவில்லை. உலகின் பல நாடுகளுக்குப் பரவி, நம் தெருமுனைக்கும் வந்துவிட்டது.

கேள்வி 2: தலைகீழ் முக்கோணம்

தொகுப்பாளர்: "முக்கோணம் நேரா நின்னா எச்சரிக்கை. இதோ, தலைகீழா நிக்குது. உள்ளே படமே இல்லை. இது என்ன சொல்லுது?"

விடை: வழிவிடு.

தொகுப்பாளர்: "சின்ன ரோட்டுல இருந்து மெயின் ரோட்டுல ஏறும் இடத்துல இது இருக்கும். மெயின் ரோட்டுல வர்றவங்க போனப்புறம்தான் நாம போகணும். முன்னாடி பார்த்த ஸ்டாப் சைனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அங்கே யாரும் வரலைன்னாலும் நிக்கணும். இங்கே யாரும் வரலைன்னா மெதுவா போய்க்கிட்டே இருக்கலாம்."

சைக்கிளில் ஸ்கூலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சைக்கிளும் வண்டிதான், அதற்கு விதிவிலக்கு கிடையாது என்பதைத் தொகுப்பாளர் ஒரு வரியில் சொல்லிவிடட்டும்.

கேள்வி 3: உடம்பாலேயே பதில் சொல்லுங்க

இது எல்லோருக்குமான கேள்வி. தலைக்கு மேல் கைகளை வளைத்துக் கோத்தால் வட்டம், விரல் நுனிகளைச் சேர்த்து நீட்டினால் முக்கோணம், கைகளை மடக்கி மார்புக்கு முன்னால் அடுக்கினால் செவ்வகம். தொகுப்பாளர் ஒவ்வொன்றாகப் படிக்க, மைதானம் மொத்தமும் கையால் பதில் சொல்ல வேண்டும்.

தொகுப்பாளர்: "இங்கே ஓவர்டேக் பண்ணாதே!" (வட்டம்) "முன்னாடி ஸ்கூல் இருக்கு, பார்த்துப் போ!" (முக்கோணம்) "பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கு." (செவ்வகம்) "ரோடு குறுகுது, ஜாக்கிரதை!" (முக்கோணம்)

விடை: வட்டம் கட்டளையிடும், முக்கோணம் எச்சரிக்கும், செவ்வகம் தகவல் சொல்லும். டிரைவிங் ஸ்கூலில் இவற்றையே கட்டாயச் சின்னங்கள், எச்சரிக்கைச் சின்னங்கள், தகவல் சின்னங்கள் என்று சொல்லித் தருவார்கள்.

இந்த ரவுண்டில் பிள்ளைகள் தடுமாறும் இடம் 'ஸ்கூல்'. ஸ்கூல் இருக்கிறது என்பது தகவல்தானே என்று பாதிப் பேர் செவ்வகம் காட்டுவார்கள். அப்போது தொகுப்பாளர் இப்படிச் சொல்லலாம்: "அந்த போர்டு ஸ்கூலைத் தேடி வர்றவங்களுக்காக வெச்சது இல்லை. எந்த நிமிஷமும் ஒரு குழந்தை ரோட்டுக்கு ஓடி வரலாம்னு டிரைவருக்குச் சொல்றதுக்காக வெச்சது. அதனாலதான் அது ஸ்கூல் வாசல்ல இருக்காது, வாசலுக்கு முன்னாடியே இருக்கும்."

கேள்வி 4: ஒரே ஹாரன், ரெண்டு கலர்

(இரண்டு வட்டங்களிலும் ஹாரன் படம். ஒன்று சிவப்பு பார்டர் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு அடித்தது. இன்னொன்று முழு நீல வட்டத்தில் வெள்ளை ஹாரன்.)

தொகுப்பாளர்: "சிவப்பு வட்டம் நமக்குத் தெரியும். ஹாரன் அடிக்காதே. ஆஸ்பத்திரி பக்கத்துல பார்த்திருப்பீங்க. அப்போ இந்த நீல வட்டம் என்ன சொல்லுது? ஆப்ஷன் ஏ: ஹாரன் ரிப்பேர் கடை. ஆப்ஷன் பி: விருப்பப்பட்டா ஹாரன் அடிக்கலாம். ஆப்ஷன் சி: கண்டிப்பா ஹாரன் அடி."

விடை: சி. கண்டிப்பாக ஹாரன் அடிக்க வேண்டும்.

தொகுப்பாளர்: "வட்டம்னா கட்டளை. அதுல சிவப்பு 'செய்யாதே'ன்னு சொல்லும், நீலம் 'செய்'னு சொல்லும். மலைப்பாதையில யோசிச்சுப் பாருங்க. கொல்லிமலைக்குப் போற ரோட்டுல மட்டும 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. எதிர்ல என்ன வருதுன்னு கண்ணுக்குத் தெரியாத வளைவுல, நாம வர்றதைக் காதுக்குத்தான் சொல்ல முடியும்."

பெரும்பாலானவர்கள் 'பி' சொல்வார்கள். நீலம் பார்க்க சாந்தமாக இருப்பதால் 'அனுமதி' என்று நினைத்துக்கொள்கிறோம். நீல வட்டத்துக்குள் இடதுபக்க அம்பு இருந்தால்கூட, இடது பக்கம் போகலாம் என்று அர்த்தமில்லை. இடது பக்கம்தான் போக வேண்டும்.

கேள்வி 5: உள்ளே ஒண்ணுமே இல்லை!

(சிவப்பு வளையம், உள்ளே வெறும் வெள்ளை. என் கணக்கில் இந்தக் குவிஸின் ஹீரோ இதுதான்.)

தொகுப்பாளர்: "இந்த சைனை வரைஞ்சவங்க படம் போட மறந்துட்டாங்கன்னு நினைக்காதீங்க. இது முழுசா முடிஞ்ச சைன்தான். இதுவரைக்கும் கத்துக்கிட்டதை வெச்சு யோசிச்சுச் சொல்லுங்க."

முப்பது நொடி கொடுங்க. அவசரப்பட்டு விடையைச் சொல்லிடாதீங்க. யாராவது ஒருவர் சத்தமாக யோசிப்பார்: வட்டம், அப்போ கட்டளை. சிவப்பு, அப்போ 'செய்யாதே'. லாரி படம் இருந்தால் லாரி வரக் கூடாது, சைக்கிள் படம் இருந்தால் சைக்கிள் வரக் கூடாது. எந்தப் படமும் இல்லை என்றால்...

விடை: எந்த வண்டியும் வரக் கூடாது, இரண்டு திசையிலிருந்தும்.

தொகுப்பாளர்: "பார்த்தீங்களா? இந்தச் சின்னத்தை நிறைய பேர் இன்னைக்குத்தான் முதல் தடவையா பார்க்குறீங்க. ஆனாலும் படிச்சுட்டீங்க!"

கேள்வி 6: ஒரு கோடா, ரெண்டு கோடா?

(நீல வட்டம், சிவப்பு பார்டர். ஒன்றில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. இன்னொன்றில் இரண்டு கோடுகள் பெருக்கல் குறி மாதிரி.)

தொகுப்பாளர்: "காலையில ஸ்கூல் வாசல்ல ஒரு ஆட்டோ நிக்குது. ரெண்டு பிள்ளைங்க இறங்குறாங்க. இறங்கினதும் ஆட்டோ கிளம்பிடுது. வாசல்ல ஒரு கோடு போட்ட சைன் இருந்தா ஆட்டோக்காரர் அண்ணன் செஞ்சது சரியா? ரெண்டு கோடு போட்ட சைன் இருந்தா?"

விடை: ஒரு கோடு என்றால் நோ பார்க்கிங். ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்புவது பார்க்கிங் ஆகாது, அதனால் சரி. பெருக்கல் குறி என்றால் வண்டியை நிறுத்தவே கூடாது. ஆள் இறங்குவதற்காகக்கூட நிறுத்தக் கூடாது, அதனால் தப்பு.

இங்கே புத்திசாலி ஒருத்தர் எழுந்து, "நீலம்னா 'செய்'னு சொன்னீங்களே?" என்று மடக்குவார். மடக்க வேண்டும், அதுதான் நமக்கும் தேவை. தொகுப்பாளர் பதில்: "கரெக்ட்! இலக்கணம்னு இருந்தா விதிவிலக்கும் இருக்கும். நிறுத்துறது சம்பந்தப்பட்ட இந்த ரெண்டு சைனுக்கு மட்டும் பின்னணி நீலம். ஆனா பார்டரையும் கோட்டையும் பாருங்க, சிவப்பு. நீலத்துல சிவப்பு பார்டரும் சிவப்புக் கோடும் வந்துட்டா அது 'செய்யாதே'தான்."

பெருக்கல் குறியை ஏன் ஸ்கூல் வாசலில் வைக்கிறார்கள் என்று கேட்டால், பதில் நம் உயரத்தில் இருக்கிறது. வரிசையாக நிற்கும் வேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஒன்றாம் வகுப்புக் குழந்தை வெளியே வந்தால், ரோட்டில் வருபவருக்கு அந்தத் தலை தெரியாது. குழந்தைக்கும் வருகிற வண்டி தெரியாது.

கேள்வி 7: கயிறு சொல்லும் கணக்கு

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முந்தின நாளே மைதானத்தில் தயார் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. ஒரு இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்க. அங்கிருந்து டேப் பிடித்து 20 மீட்டரில் ஒரு கொடி, 25 மீட்டரில் ஒரு கொடி, 53 மீட்டரில் ஒரு கொடி நடுங்க. மைதானம் சின்னது என்றால் எல்லா அளவையும் பாதியாக்கி, அதைச் சொல்லிவிட்டுக் காட்டலாம்.

(சிவப்பு வளையத்துக்குள் 30 என்ற எண்.)

தொகுப்பாளர்: "இதுக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக் கூடாது. என் கேள்வி வேற. ஒரு கார் 30-ல வருது. இன்னொரு கார் 60-ல வருது. சுண்ணாம்புக் கோட்டுக்கு வரும்போது ரெண்டு டிரைவருக்கும் முன்னாடி ஒரு குழந்தை குறுக்கே வர்றது தெரியுது. ரெண்டு பேரும் பிரேக் போடுறாங்க. 30-ல வந்த கார் கிட்டத்தட்ட 20 மீட்டர்ல நின்னுடும், அதோ முதல் கொடி. 60-ல வந்தது எங்கே நிக்கும்? வேகம் டபுள்னா தூரமும் டபுள், 40 மீட்டர். சரியா?"

விடை: தப்பு. கிட்டத்தட்ட 53 மீட்டர். (மூன்றாவது கொடியருகே ஒருவர் போய் நிற்கவும்.)

கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கண்ணில் பட்டு, மூளைக்குப் புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. அந்த ஒன்றரை நொடியில் வண்டி பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். 30-ல் அது 12.5 மீட்டர், 60-ல் 25 மீட்டர். இதுவரை டபுள்தான். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம்தான் வேறு மாதிரி; வேகம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்காகும். காய்ந்த, நல்ல ரோட்டில் ஓரளவு அழுத்தமாகப் பிரேக் போட்டால் 30-ல் சுமார் 7 மீட்டர், 60-ல் சுமார் 28 மீட்டர். கூட்டினால் ஒன்று 20-க்குள் முடிகிறது, இன்னொன்று 53. மழை பெய்த ரோடாக இருந்தாலோ, டயர் தேய்ந்திருந்தாலோ, டிரைவர் பார்வை போனில் இருந்தாலோ இரண்டுமே இன்னும் நீளும்.

இப்போது மைதானத்தைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்க. இதைத் தொகுப்பாளர் மெதுவாகப் படிக்க வேண்டும்.

தொகுப்பாளர்: "அந்தக் குழந்தை 20-வது மீட்டர்ல, முதல் கொடிகிட்ட நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. 30-ல வந்த கார் குழந்தைக்குப் பக்கத்துல வந்து நின்னுடும். 60-ல வந்த காரோட டிரைவர் பிரேக்ல கால் வைக்கிறதே ரெண்டாவது கொடிகிட்ட, 25-வது மீட்டர்ல. அதாவது குழந்தையைத் தாண்டி அஞ்சு மீட்டர் போனப்புறம்தான் பிரேக்கே போடுறார். குழந்தை நின்ன இடத்துல அந்த வண்டியோட வேகம் 59 இல்லை, 55 இல்லை. முழுசா 60."

இந்த இடத்தில் மைக்கில் ஒரு சின்ன இடைவெளி விடுங்க. ஜோக் எதுவும் வேண்டாம்.

'இந்த 30 எதுவரைக்கும்?' என்று யாராவது கேட்டால் தயாராக இருங்க. வெள்ளை வட்டத்தில் சாய்வாகக் கறுப்புக் கோடு போட்ட ஒரு சின்னம் இருக்கிறது. 'கட்டுப்பாடு இங்கே முடிகிறது' என்று அர்த்தம்.

டை-பிரேக்கர்

இரண்டு அணிகள் சமமாக வந்தால் மட்டும். முதலில் மணியடிப்பவருக்கே வாய்ப்பு.

தொகுப்பாளர்: "ரெண்டு சிவப்பு வட்டம். ரெண்டுலயும் உள்ளே ஒரே மாதிரி '3 மீ'ன்னு எழுதியிருக்கு. ஒண்ணுல எண்ணுக்கு மேலயும் கீழயும் கறுப்பு அம்பு முனை. இன்னொண்ணுல இடது பக்கமும் வலது பக்கமும் அம்பு முனை. ரயில்வே சப்வே முன்னாடி நம்ம ஸ்கூல் பஸ் டிரைவர் எதைப் பார்க்கணும்?"

விடை: மேலும் கீழும் அம்பு முனை உள்ளதை. அது உயரக் கட்டுப்பாடு. பக்கவாட்டில் இருப்பது அகலக் கட்டுப்பாடு. பஸ் 3 மீட்டருக்கு மேல் உயரமாக இருந்தால், சப்வேக்குள் நுழையாமல் வேறு வழியில் சுற்றித்தான் வர வேண்டும்.